விட்டதைப் பிடிக்க வேண்டாம், தம்பி

இன்னைக்கு எபிசோட்ல விருந்தினர் யாரும் இல்லை. ஒரு கடிதத்தை வாசிக்கப் போறேன். கும்பகோணம் பக்கத்துல இருக்கிற ஒரு அப்பா, சென்னையில ஐ.டி. வேலை பார்க்கிற தன்னோட 29 வயசு மகனுக்கு எழுதினது. அப்பா கூட்டுறவு வங்கியில 31 வருஷம் காசாளரா இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஒரு வருஷத்துக்கு மேலா தினமும் ராத்திரி ஆன்லைன்ல பந்தயம் கட்டிட்டு இருந்திருக்கார். ஒரு லோன் ஆப்காரங்க அப்பாவோட நம்பருக்கே கூப்பிட்டப்போதான் வீட்டுக்குத் தெரிஞ்சுது.

கடிதத்தை எங்களுக்கு அனுப்பினது மகன்தான். அப்பாகிட்டயும் கேட்டுட்டுத்தான் அனுப்பியிருக்கார். பேர், ஆபீஸ் எல்லாத்தையும் எடுத்துட்டோம். அவங்க வீட்டுல அப்பா மகனை ‘தம்பி’ன்னுதான் கூப்பிடுவார், அதனால அது அப்படியே இருக்கு. நடுவுல ரெண்டு இடத்துல நிறுத்தி நான் கொஞ்சம் பேசுவேன். மத்தபடி இது அவரோட எழுத்து.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லி வைத்துவிடுவாய். எனக்கும் பாதியிலேயே குரல் ஏறிவிடும். எழுதினால் நீ உனக்கு வசதியான நேரத்தில் படிக்கலாம், பிடிக்காத இடத்தில் நிறுத்தலாம், மறுபடி எடுக்கலாம். அதற்காகத்தான் கடிதம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏன் செய்தாய் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் கேட்கமாட்டேன். எவ்வளவு போனது என்றும் கேட்கமாட்டேன். அக்காவிடம் நீ 4,80,000 ரூபாய் கடன் என்று சொல்லியிருக்கிறாய். அதற்கு மேல் இருந்தாலும் இருக்கட்டும். முதல் தடவை சொல்லும்போது யாருக்குமே முழுத் தொகையும் வாயில் வராது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை நிறைய பார்த்திருக்கிறேன். மீதி இருந்தால், எப்போது சொல்ல முடிகிறதோ அப்போது சொல். அன்றைக்கும் நான் இதே குரலில்தான் கேட்பேன்.

நான் பயப்படுவது போன பணத்தைப் பற்றி இல்லை. ‘விட்டதை இன்னைக்கு ராத்திரி பிடிச்சுடலாம்’ என்று ஒரு நினைப்பு வருமே, அதைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்தது கணக்கு. அதனால் அந்த நினைப்பை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். நீயும் கூடப் பார்.

நீ ஆடும் தளத்தின் பக்கத்தை அக்கா எனக்குக் காட்டினாள். அடுத்த ஓவரில் வரும் ரன் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று ஒரு பந்தயம். இரண்டு பக்கமும் 1.90 என்று போட்டிருந்தது. அதாவது 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 திரும்பி வரும். தோற்றால் நூறும் போச்சு. இப்போது ஒற்றைக்கு ஒருவன் 100, இரட்டைக்கு இன்னொருவன் 100 கட்டுகிறான் என்று வை. தளத்துக்கு வந்தது 200. ஜெயித்தவனுக்குக் கொடுப்பது 190. மீதி 10 ரூபாய், யார் ஜெயித்தாலும், கடைக்காரனுடையது. ஆக, கட்டுகிற ஒவ்வொரு நூறுக்கும் சராசரியாக 5 ரூபாய் போய்க்கொண்டே இருக்கும்.

‘அஞ்சு ரூபாய்தானே’ என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து ரூபாய், நீ போடுகிற டெபாசிட்டுக்குக் கிடையாது. நீ கட்டுகிற மொத்தப் பந்தயத்துக்கு. கையில் 3,000 ரூபாயோடு ஆரம்பித்து, ஜெயித்ததையும் திரும்பத் திரும்பக் கட்டி, ஒரு ராத்திரியில் 500, 500 ஆக 40 தடவை கட்டினால் மொத்தம் 20,000 ரூபாய் சுற்றிவிட்டது. அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 1,000 ரூபாய். ஒரு மாதத்துக்கு 30,000. இதில் உனக்குக் கிரிக்கெட் தெரியாது என்றோ, அதிர்ஷ்டம் இல்லை என்றோ அர்த்தம் இல்லை. அந்த 1.90-ஐ எழுதியபோதே இது முடிவாகிவிட்டது.

அடுத்தது, விட்டதைப் பிடிக்கிற கணக்கு. தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் வந்துவிடும் என்று சொல்வார்கள். 500-ல் ஆரம்பித்துப் போட்டுப் பார்த்தேன். 500, 1,000, 2,000, 4,000, 8,000, 16,000. வரிசையாக ஆறு தோல்வி. மொத்தம் 31,500 ரூபாய் போய்விட்டது. ஏழாவதாக 32,000 கட்டி ஜெயித்தும்விட்டாய் என்றே வைத்துக்கொள். 1.90 கணக்கில் உனக்குக் கிடைக்கும் லாபம் 28,800. போனது 31,500. ஜெயித்த பிறகும் 2,700 ரூபாய் கீழேதான் நிற்கிறாய்.

வரிசையாக ஆறு தோல்வி எல்லாம் அபூர்வம் என்று தோன்றலாம். ஒரே ஒரு தடவை ஆரம்பித்தால் 64-ல் ஒரு வாய்ப்புதான், உண்மை. ஆனால் ஒரு ராத்திரியில் நாற்பது தடவை கட்டுகிறவனுக்கு, ஏறக்குறைய நான்கு ராத்திரியில் ஒரு ராத்திரி அது வந்தே தீரும். அந்த ராத்திரி வரும்போது ‘இன்னைக்கு ஏதோ நேரம் சரியில்லை’ என்று தோன்றும். நேரத்தில் ஒன்றும் இல்லை தம்பி. வரவேண்டிய கணக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன். அப்பா கணக்கா சொல்ற இந்த விஷயத்துக்கு மருத்துவத்துலயும் இடம் இருக்கு. விட்ட பணத்தை மீட்க அடுத்த நாள் திரும்ப வர்றது, எவ்வளவு ஈடுபாடுன்னு மத்தவங்ககிட்ட மறைக்கிறது, அதே கிக் வர தொகையைக் கூட்டிக்கிட்டே போறது, குறைக்கணும்னு முயற்சி பண்ணி முடியாம போறது, இதெல்லாம் சூதாட்ட நோயைக் கண்டுபிடிக்க மனநல மருத்துவர்கள் பார்க்கிற அறிகுறிகள். 2013-ல வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேடு, சூதாட்டத்தை மது, போதைப்பொருள் பழக்கம் இருக்கிற அதே பிரிவுக்கு மாத்துச்சு. அதுல போதைப்பொருள் எதுவும் உடம்புக்குள்ள போகாமலே அந்தப் பிரிவுல இடம் பிடிச்ச நோய் இது ஒண்ணுதான். ‘மனசு வெச்சா விட்டுடலாமே’ன்னு வீட்டுல சொல்றது ஏன் வேலை செய்யறதில்லைன்னு இதுல இருந்து புரியும்.

ராத்திரிங்கிறதும் தற்செயல் இல்லை. தூக்கம் கெட்டு, தனியா, கையில போனோட இருக்கிற நேரம் அது. 2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு கொண்டு வந்த விதிகள்ல, ராத்திரி 12 மணியிலேருந்து காலை 5 மணி வரைக்கும் பணம் கட்டி ஆடுற ஆட்டங்களுக்கு லாகின் கூடாதுன்னு ஒரு விதி இருந்துச்சு. சென்னை உயர் நீதிமன்றமும் ஜூன் மாசம் அதை ஏத்துக்கிச்சு. அதுக்கப்புறம் ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஆன்லைன் பண ஆட்டத்தையே தடை பண்ணி சட்டம் போட்டது. பெரிய ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. ஆனா பலர் அங்கேருந்து டெலிகிராம் ஏஜென்ட்டுக்கும் வெளிநாட்டுத் தளத்துக்கும் போயிட்டாங்க. இந்த மகனும் அப்படித்தான். அங்க பன்னிரண்டு மணிக் கதவும் கிடையாது. இப்போ கடிதத்துக்குத் திரும்பலாம்.

இன்னொரு விஷயம், வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நீ பணம் அனுப்பும் ஏஜென்ட் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு யுபிஐ ஐ.டி. தருகிறான் அல்லவா? ஒரு நாள் ஏதோ பழக்கடை பெயரில், மறுநாள் யாரோ ஒரு அம்மா பெயரில். அவை வாடகைக்கு வாங்கிய கணக்குகள். மோசடியில் ஏமாந்தவர்களின் பணமும் அதே கணக்குகள் வழியாகத்தான் போகும். நீ ஜெயித்த பணம் அப்படி ஒரு கணக்கிலிருந்து உன் கணக்கில் விழுந்தால், என்றோ ஒரு நாள் வேறு ஏதோ மாநிலத்து சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதாக உன் கணக்கை வங்கி முடக்கிவிடும். அது உன் சம்பளக் கணக்காக இருந்தால் வாடகைகூடக் கட்ட முடியாது. தோற்றால்தான் நஷ்டம் என்று நினைக்காதே. அந்த இடத்தில் ஜெயிப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு வேளை ஏற்கெனவே அப்படி நடந்திருந்தால் மறைக்காதே. ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் வக்கீலைப் பார்ப்போம்.

இனி நான் என்ன செய்ய முடியும், என்ன செய்யமாட்டேன் என்று சொல்கிறேன்.

4,80,000 ரூபாயையும் ஒரே நாளில் கட்டி முடிக்கமாட்டேன். மனசு இல்லாமல் இல்லை. உன் கிரெடிட் கார்டு பாக்கி 1,60,000 என்றாய். அதை நான் இன்று கட்டினால், ஒன்றிரண்டு நாளில் அந்த 1,60,000 லிமிட் உனக்குத் திரும்பத் திறந்துவிடும். கடன் அடைந்த நிம்மதியும், புதிதாகத் திறந்த லிமிட்டும் ஒரே ராத்திரியில் உன் கையில் இருக்கும். அந்த ராத்திரியை உனக்கு நான் கொடுக்க விரும்பவில்லை.

செய்யப்போவது இது. மூன்று லோன் ஆப்களில் இருக்கும் 45,000 ரூபாயை முதலில் முடிப்போம். அதுதான் வேகமாக வளர்கிறது, அதுதான் உன் நிம்மதியைக் கெடுக்கிறது. பணத்தை உன் கையில் தராமல் நேராக அந்தக் கடன் கணக்கிலேயே கட்டி, முடிந்ததற்கான கடிதத்தை வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் அந்த ஆப்கள் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் இருக்கின்றனவா என்று சேர்ந்து பார்ப்போம். முறையான நிறுவனமாக இருந்தால், வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது. உன் போனில் இருக்கும் நம்பர்களை எடுக்கவும் அனுமதி இல்லை. போட்டோவை மாற்றி அனுப்புவேன் என்று எவனாவது மிரட்டினால் 1930-க்குப் புகார் சொல்வோம். எனக்கு வந்த அந்த போனைப் பற்றி நீ கூனிக்குறுக வேண்டாம். அவன் பேசிய பேச்சுக்கு வெட்கப்பட வேண்டியவன் அவன்.

கார்டு பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லி நீயே வங்கிக்கு எழுது. அதே கடிதத்தில் லிமிட்டைக் குறைக்கச் சொல். நண்பர்களிடம் வாங்கிய 75,000-க்கு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ‘மாசம் இவ்வளவு தர்றேன்’ என்று ஒரு தேதி சொல். அந்தப் பேச்சு கஷ்டம்தான், எனக்குத் தெரியும். ஆனால் ஒளிந்துகொண்டு திரிவதைவிட அது லேசு. தனிநபர் கடன் 2,00,000, அதன் தவணை அதன் பாட்டுக்குப் போகட்டும். மொத்தமும் முடிய மூன்று வருடம் ஆகலாம். ஆகட்டும். ஒரு ராத்திரியில் பிடிக்க நினைத்ததை மூன்று வருடத்தில் பகல் வெளிச்சத்தில் பிடிப்போம்.

உன் சம்பளத்தை நான் வாங்கி வைத்துக்கொள்ளமாட்டேன். நீ சின்னப் பிள்ளை இல்லை. ஆனால் கைக்கும் பணத்துக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் வைக்கலாம். சம்பளம் விழும் கணக்கில் யுபிஐ வேண்டாம். அதிலிருந்து வாடகையும் தவணைகளும் தானாகவே போகட்டும். வாரச் செலவுக்கு ஒரு தொகை மட்டும் திங்கட்கிழமை இன்னொரு கணக்குக்கு வரட்டும். அந்தக் கணக்கில் மட்டும் யுபிஐ வைத்துக்கொள், அதற்கும் தினசரி வரம்பைக் குறைத்துவிடு. ராத்திரி ஒரு மணிக்கு எழும் ஆசைக்கு இந்தத் தூரமே பெரிய தடை. ஆறு மாதம் பார்ப்போம். அதற்குப் பிறகு எது வேண்டும், எது வேண்டாம் என்று நீயே முடிவு செய்.

பெட்பிளாக்கர் என்று ஒன்று இருக்கிறதாம், அக்கா சொன்னாள். காசு கேட்காது. போனில் போட்டு ஒரு வருடம் என்று குறித்துவிட்டால், அதுவரை பந்தயத் தளங்கள் திறக்காது. ஆனால் டெலிகிராம் ஏஜென்ட்டை அது தடுக்காது. அந்த நம்பரையும் குழுவையும் நீதான் நீக்க வேண்டும். ‘இன்னைக்கு போனஸ் இருக்கு’ என்று அவன் வேறு நம்பரிலிருந்து வருவான். வந்தால் அதையும் நீக்கு.

ஆசை எழும்போது அது விடிய விடிய நிற்காது, ஏறி, ஒரு அரைமணி நேரத்துக்குள் தணியும் என்று டாக்டர் ஒருவர் சொன்னார். அந்த அரைமணி நேரம் என்னைக் கூப்பிடு. எந்த மணியாக இருந்தாலும் சரி. பந்தயத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா என்று கேள், பக்கத்து வீட்டுக் கதையைக் கேள். நான் ‘ஏன் இந்த நேரத்துல?’ என்று கேட்கமாட்டேன்.

நடுவில் ஒரு நாள் மறுபடி கட்டிவிட்டாய் என்றால், எல்லாம் போச்சு என்று அன்றைக்கே மீதியையும் கட்டிவிடாதே. மறுநாள் என்னிடம் ஒரு வரி சொல், ‘நேத்து கட்டிட்டேன்’ என்று. எந்த வழியாகப் பணம் போனது என்று பார்த்து அந்த வழியை அடைப்போம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி, இதை மட்டும் கேட்டே ஆகவேண்டும். இந்தக் கடனால் செத்துப்போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? தோன்றியிருந்தால் அதை என்னிடம் சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. சொன்னால் நான் உடைந்துவிடமாட்டேன். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுவேன். 4,80,000 ரூபாய் ஒரு தொகை, அதைத் தவணையில் அடைக்கலாம். உனக்குத் தவணை கிடையாது தம்பி.

அம்மாவுக்குக் கடன் என்று மட்டும் தெரியும். மீதியை எப்போது, எப்படிச் சொல்வது என்று நீயே சொல், அதன்படி செய்வோம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது வெளியே உட்கார்ந்திருக்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா

கடிதம் இவ்வளவுதான். கேட்டுட்டு இருக்கிற அப்பா, அம்மா, அக்கா யாராவது இதை முன்மாதிரியா வெச்சு எழுதணும்னு நினைச்சா, ஒரு விஷயத்தைக் கவனிங்க. அவர் பணம் தர்றார், ஆனா கையில தரலை. கட்டுப்பாடு சொல்றார், ஆனா அதுக்கு ஆறு மாசம்னு ஒரு முடிவும் வெச்சிருக்கார். சாவைப் பத்தியும் நேராவே கேட்டுட்டார். அப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்தைக் கிளப்பி விட்டுடுவோமோன்னு நிறைய பேருக்குப் பயம். கேக்கிறதால அந்த எண்ணம் வர்றதில்லை, உள்ளுக்குள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்குதுன்னுதான் தற்கொலைத் தடுப்புல வேலை செய்றவங்க சொல்றாங்க.

மகன் நிலைமையில நீங்க இருந்தா, 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ்னு பேரு, மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். சென்னையில கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்லயும் மனநலப் பிரிவு இருக்கு. ‘ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமோ’ன்னு யோசிக்கிறவங்களுக்கு: 2017-ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உங்க சிகிச்சை விவரங்களை ரகசியமா வெச்சிருக்கிறதை உங்க உரிமையாவே சொல்லுது.

இந்தக் கடிதம் கையில வந்த அன்னைக்கே எல்லாம் மாறிடலைன்னு மகன் எங்களுக்கு எழுதியிருந்தார். பத்து நாள் பையிலேயே வெச்சிருந்தாராம். பதினோராவது நாள் ராத்திரி 12:40-க்கு அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கார். மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சான்னு கேட்டிருக்கார். திறந்தாச்சுன்னு அப்பா சொல்லியிருக்கார். மூணு லோன் ஆப்ல ரெண்டு இப்போ முடிஞ்சிருச்சு. நடுவுல ஒரு தடவை கட்டிட்டாராம், மறுநாள் காலையில சொல்லிட்டாராம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.